இரத்த அழுத்த மாத்திரையும் கிரியேட்டினும்: ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

"எனக்கு 48 வயது. இரண்டு ஆண்டுகளாக டெல்மிசார்டன் 40 மி.கி. எடுத்துக்கொள்கிறேன், பிரஷர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எடைப்பயிற்சி செய்கிறேன். கிரியேட்டின் உடம்பில் நீரைத் தேக்கி பிரஷரை ஏற்றிவிடும் என்கிறார் நண்பர். ஒன்றும் செய்யாது என்கிறார் பயிற்சியாளர். ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?"

இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்த சோதனைகளில், எடைப்பயிற்சி செய்பவர்கள் தசை வலுவுக்காக எடுக்கும் கிரியேட்டின் பொடி அதை ஏற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் உயர் இரத்த அழுத்தம் இல்லாதவர்கள். ஆகவே உங்கள் பயிற்சியாளர் சொல்வதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் அது உங்களைப் போன்றவர்களிடம் சோதித்துப் பெற்ற ஆதாரம் அல்ல. நண்பர் சொல்வது கேட்க நியாயமாக இருக்கும் ஓர் ஊகம். இவை இரண்டையும்விட உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. டெல்மிசார்டன் போன்ற மருந்து எடுக்கும் ஒருவருக்குக் கிரியேட்டினால் வரக்கூடிய சிக்கல், பிரஷர் கருவியில் தெரிவதைவிட இரத்தப் பரிசோதனை அறிக்கையில் தெரிவதற்கே வாய்ப்பு அதிகம். அதைத் தவறாகப் படித்தால், கிரியேட்டின் நேரடியாகச் செய்யாத தீங்கு சுற்றி வளைத்து வந்து சேரும். இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில் ஆய்வுகள். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, கிரியேட்டினையும் அதை ஒத்த பொருட்களையும் உயர் இரத்த அழுத்தத்திலும் இதய நோய்களிலும் பயன்படுத்திய சோதனைகளைப் பற்றி 2011-இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் புரட்டி 11 சோதனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் இருந்த நோயாளிகள் இதயச் செயலிழப்பு, இதய இரத்தக்குழாய் அடைப்பு, மாரடைப்பு ஆகியவற்றுக்காகச் சிகிச்சை பெற்றவர்கள். உயர் இரத்த அழுத்த நோயாளிகளை வைத்து நடத்திய சோதனை ஒன்றுகூட அந்தத் தேடலில் கிடைக்கவில்லை. "பிரஷர் உள்ளவர்களுக்கும் பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்தச் சோதனையில் என்று கேளுங்கள். "பிரஷரை ஏற்றும் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சோதனைகள் தெளிவாகவே இருக்கின்றன. கனடாவில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஒன்றில், 15 ஆண்களுக்கும் 15 பெண்களுக்கும் ஐந்து நாள் சோதனை நடந்தது. கிரியேட்டின் பெற்றவர்களுக்கு அளவு நாளுக்கு 20 கிராம். இது வழக்கமான அளவைப்போல நான்கு மடங்கு. நீர் தேங்கினால் இந்தக் கட்டத்தில்தான் தேங்க வேண்டும். உடல் எடையில் கொழுப்பு நீங்கலான பகுதி கூடியது. இரத்த அழுத்தம் நகரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான மற்றொரு சோதனையில் எடைப்பயிற்சி செய்யும் ஆண்களை ஆறு வாரம் கவனித்தார்கள். அங்கேயும் இரத்த அழுத்தத்தில் மாற்றம் இல்லை. 2011-இல் வந்த ஒரு சிறு சோதனையில் ஆரோக்கியமான இளைஞர்கள் மூன்று வாரம் நாளுக்கு 10 கிராம் எடுத்தார்கள். கடும் பயிற்சி முடிந்த உடனே இரத்த அழுத்தமும் தமனிகளின் விறைப்பும் ஏறுவது, கிரியேட்டின் எடுத்தவர்களிடம் சற்றுக் குறைவாகவே இருந்தது. வயதானவர்களைக் கொண்ட மிகச் சிறிய ஓர் ஆய்வில், நான்கு வாரத்தில் இரத்த நாளங்கள் விரியும் திறன் கொஞ்சம் மேம்பட்டது, ஆனால் ஓய்வுநிலை அழுத்தம் மாறவில்லை. இந்தக் கடைசி இரண்டையும் வைத்துக்கொண்டு "கிரியேட்டின் பிரஷரைக் குறைக்கும்" என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். இவ்வளவு சிறிய ஆய்வுகள் அவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது.

நண்பர் சொல்லும் நீர் விஷயத்தை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. கிரியேட்டின் தசைச் செல்லுக்குள் போகும்போது நீரும் கூடவே போகிறது. அதிக அளவில் தொடங்குபவர்களுக்கு முதல் வாரத்தில் சிறுநீர் குறைவதும், எடை ஒன்றிரண்டு கிலோ கூடுவதும் இதனால்தான். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், "அந்த நீர் செல்லுக்குள்தான் இருக்கிறது, இரத்தத்தில் இல்லை, ஆகவே பிரஷர் ஏறாது" என்பது. இந்தப் பதில் அழகானது, ஆனால் முழுக்கச் சரியல்ல. 2003-இல் உடல் நீரை அளந்து பார்த்த ஓர் ஆய்வு, மொத்த நீர் கூடியதையும், செல்லுக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் இடையிலான விகிதம் மாறாததையும் கண்டது. அதாவது இரண்டு பக்கமும் சிறிதளவு கூடியிருக்கிறது. அப்படியிருந்தும் ஆரோக்கியமானவர்களிடம் அழுத்தம் ஏறாததற்குக் காரணம் இருக்கிறது. இரத்த ஓட்டத்தில் சிறிது நீர் மிகுந்தால், நல்ல நிலையில் உள்ள சிறுநீரகம் உப்போடு சேர்த்து அதை வெளியேற்றிச் சமன்செய்துவிடும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் பலருக்குக் கோளாறு இருப்பதே அந்தச் சமன்செய்யும் வேலையில்தான். அதனால்தான் ஆரோக்கியமானவர்களின் முடிவை அப்படியே உங்கள்மேல் ஏற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு நடைமுறைத் தீர்வு இருக்கிறது. முதல் வாரத்தில் நாளுக்கு 20 கிராம் என்று ஏற்றும் முறையை விட்டுவிடுங்கள். 1996-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹல்ட்மன் குழுவினர், நாளுக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் எடுப்பதையும், வெறும் 3 கிராம் வீதம் 28 நாள் எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். தசையில் சேர்ந்த கிரியேட்டின் ஏறத்தாழ ஒன்றாகவே, 20 சதவீத அளவுக்குக் கூடியிருந்தது. வேறுபாடு நாட்களில் மட்டும்தான். போட்டி நெருங்கும் விளையாட்டு வீரருக்கு அந்த மூன்று வாரம் முக்கியமாக இருக்கலாம். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. மெதுவாகச் சேரும்போது நீர் மாற்றமும் மெதுவாக நடக்கும், சிறுநீரகத்துக்கு ஈடுகொடுக்க நேரம் கிடைக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடினால் இது கட்டாயம் கண்ணில் படும். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ப்ரூஸ்டர் குழுவினர் 2006-இல், இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி அதிகமாக உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தமும் அதிகமாக இருக்கிறது என்று காட்டினார்கள். இதைப் படித்துவிட்டுப் பலர் "கிரியேட்டின் பிரஷரை ஏற்றுகிறது" என்று எழுதுகிறார்கள். அந்த ஆய்வு அளந்தது நொதியை. டப்பாவில் வரும் பொடியை யாரும் அங்கே சாப்பிடவில்லை. இரத்த நாளச் சுவரிலும் சிறுநீரகத்திலும் ஆற்றலை விரைவாக வழங்கும் நொதி மிகுதியாக இருந்தால் நாளங்கள் எளிதில் சுருங்கும், உப்பு எளிதில் தங்கும் என்பது அவர்களுடைய கருதுகோள். ஆர்வமூட்டும் கருதுகோள்தான். ஆனால் நான் மேலே சொன்ன 2000-ஆம் ஆண்டுச் சோதனையிலேயே, 20 கிராம் கிரியேட்டின் எடுத்தவர்களுக்கு அந்த நொதியின் அளவும் உயரவில்லை.

இப்போது இரத்தப் பரிசோதனைக்கு வருவோம்.

தசையில் உள்ள கிரியேட்டினில் சுமார் 1.7 சதவீதம் ஒவ்வொரு நாளும் தானாகவே கிரியேட்டினின் என்ற கழிவாக மாறுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். ஆக நாளுக்குச் சுமார் 2 கிராம் கிரியேட்டினின் உருவாகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் வேலை மந்தமானால் இரத்தத்தில் அது தேங்கும். அதனால்தான் சிறுநீரகத்தைச் சோதிக்கக் கிரியேட்டினினை அளக்கிறார்கள். இந்தக் கணக்கு முழுவதும், உற்பத்தி மாறாமல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கிரியேட்டின் எடுப்பவரின் தசை இருப்பு 20 சதவீதம் கூடினால், உற்பத்தியும் கிட்டத்தட்ட அந்த அளவு கூடும். வடிகட்டி முன்புபோலவே வேலை செய்தாலும் இரத்தத்தில் உள்ள அளவு உயரும். எல்லோருக்கும் முழு 20 சதவீதம் உயராது. பலருக்கு மிகக் குறைவாகவே உயர்கிறது. ஆனால் உயரலாம்.

உங்கள் வயதுடைய ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். டெல்மிசார்டன் எடுக்கிறார். கிரியேட்டின் தொடங்கும் முன் இரத்தத்தில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.0 மி.கி. அந்த எண்ணையும் வயதையும் பாலினத்தையும் வைத்து ஆய்வகம் கணக்கிட்டுத் தரும் ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம், 2021-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி 93. நாளுக்கு 5 கிராம் கிரியேட்டின் தொடங்குகிறார், மருத்துவரிடம் சொல்லவில்லை. புரதப்பொடி போன்ற ஒன்றுதானே என்று நினைக்கிறார். மூன்று மாதம் கழித்து வழக்கமான பரிசோதனை. கிரியேட்டினின் 1.2. அதே சூத்திரம் இப்போது 75 என்று காட்டுகிறது. 93 எங்கே, 75 எங்கே.

மருத்துவர் பார்வையில் இதற்கு முதலில் தோன்றும் விளக்கம் டெல்மிசார்டன்தான். இந்த வகை மருந்துகள் சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தணிக்கும். அதனால் கிரியேட்டினின் சற்று உயர்வது எதிர்பார்க்கக்கூடியதே. அது 30 சதவீதத்துக்குள் இருந்தால் மருந்தைத் தொடர்வதே வழக்கம். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அசையாமல் இருந்த எண் திடீரென்று 20 சதவீதம் உயர்ந்தால், எச்சரிக்கையான மருத்துவர் அளவைக் குறைக்கலாம் அல்லது மருந்தையே மாற்றலாம். கிரியேட்டின் பற்றி அவருக்குத் தெரியாத நிலையில் அது தவறான முடிவும் அல்ல. டெல்மிசார்டன் பாதியாகிறது. ஓரிரு வாரத்தில் பிரஷர் ஏறத் தொடங்குகிறது. வீட்டில் 128 காட்டிய கருவி 140 காட்டுகிறது. அப்போது இவர் என்ன நினைப்பார்? "நண்பர் சொன்னது சரிதான், கிரியேட்டின் பிரஷரை ஏற்றிவிட்டது" என்று நினைப்பார். ஏற்றியது கிரியேட்டின் அல்ல. யாருக்கும் சொல்லாமல் விட்ட ஒரு தகவல்.

சிறுநீரகத்துக்கு உண்மையில் ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? கிரியேட்டினினை நம்பாமல் வேறு வழியில் வடிகட்டும் வேகத்தை அளந்த ஆய்வுகள் இருக்கின்றன. பிரேசிலில் குவாலானோ குழுவினர், டைப் 2 நீரிழிவு உள்ளவர்களுக்கு நாளுக்கு 5 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்து, கதிரியக்கக் குறியிட்ட ஒரு பொருளை இரத்தத்தில் செலுத்தி அது வெளியேறும் வேகத்தை அளந்தார்கள். 2011-இல் வெளியான அந்த முடிவில் சிறுநீரக வேகம் குறையவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அதே குழு, ஒரே ஒரு சிறுநீரகத்தோடு வாழும் 20 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதியது. ஐந்து நாள் 20 கிராம், பிறகு 30 நாள் 5 கிராம் எடுத்தார். கிரியேட்டினினை வைத்துப் போட்ட கணக்கு அவருடைய சிறுநீரகம் மோசமாகிவிட்டது என்று காட்டியது. நேரடியாக அளந்தபோது எந்த மாற்றமும் இல்லை. கணக்கும் உண்மையும் பிரியும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தகவலை நான் பார்த்ததில்லை.

சாதாரண ஆய்வகத்தில் கதிரியக்க அளவீடு கேட்க வேண்டியதில்லை. சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனை போதும். அது தசையிலிருந்து மட்டும் வருவதல்ல, உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் வெளியிடும் ஒரு சிறு புரதம். கிரியேட்டின் எடுப்பது அதை மாற்றுவதில்லை. நம் உதாரண மனிதருக்குச் சிஸ்டாட்டின் சி-யை வைத்துக் கணக்கிட்ட வேகம் 90-க்கு அருகில் வந்தால், 75 என்பது கிரியேட்டின் போட்ட நிழல் என்று மருத்துவர் முடிவுசெய்யலாம். தைராய்டு கோளாறும், ஸ்டீராய்டு மருந்துகளும், அதிக உடல் பருமனும் இந்த எண்ணையும் புரட்டும். அவை இருந்தால் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். சிஸ்டாட்டின் சி எடுக்க வசதி இல்லையென்றால் இன்னும் எளிய வழி, கிரியேட்டினை நிறுத்திவிட்டு நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதிப்பது. கூடுதலாகச் சேர்ந்த இருப்பு தசையிலிருந்து கரைய அவ்வளவு நாள் ஆகும். நிறுத்திய மறுநாளே ஓடிப்போய் எடுத்தால் அதே எண்தான் வரும்.

இதன் மறுபக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் அதிக ஆபத்தானது. "என் கிரியேட்டினின் கூடியது கிரியேட்டினால்தான்" என்று சொல்லிச் சொல்லியே உண்மையான சிறுநீரகப் பாதிப்பைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். உயர் இரத்த அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. உங்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கிரியேட்டினால் வரும் உயர்வுக்குச் சில அடையாளங்கள் உண்டு. தொடங்கிய சில வாரங்களில் ஏறி, பிறகு ஒரே இடத்தில் நிற்கும். பொட்டாசியம் ஏறாது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் தோன்றாது. நிறுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்பும். உயர்வு 30 சதவீதத்தைத் தாண்டினாலோ, ஒவ்வொரு பரிசோதனையிலும் மேலே போய்க்கொண்டே இருந்தாலோ, பொட்டாசியம் 5.5-ஐ நெருங்கினாலோ, சிறுநீரில் ஆல்புமின் இருந்தாலோ, ஆறு வாரம் நிறுத்தியும் எண் இறங்காவிட்டாலோ, அதைக் கிரியேட்டின் கணக்கில் எழுதக் கூடாது.

ஆகவே தொடங்கும் முன் ஒரு பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர் ஆல்புமின், முடிந்தால் சிஸ்டாட்டின் சி-யும். ஒப்பிட ஒரு பழைய எண் இல்லாவிட்டால், பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் சொல்ல முடியாது. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் கடுமையான பயிற்சியைத் தவிர்ப்பதும், முந்தைய இரவு நிறைய இறைச்சி சாப்பிடாமல் இருப்பதும் நல்லது. அவையும் கிரியேட்டினினை ஏற்றும்.

வீட்டில் அழுத்தத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும், இல்லையென்றால் ஏதோ ஒரு நாள் தெரிந்த 142-ஐப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவீர்கள். மேல்கையில் கட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள். கிரியேட்டின் தொடங்கும் முன் ஏழு நாள், காலையிலும் மாலையிலும் அளந்துகொள்ளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலை அளவு மாத்திரைக்கு முன் இருக்கட்டும். காப்பி குடித்த அரை மணி நேரத்துக்குள்ளும், பயிற்சி முடிந்த உடனேயும் அளக்க வேண்டாம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாட்களின் சராசரியை எடுங்கள். கிரியேட்டின் தொடங்கி நான்காவது வாரத்தில் இதையே திரும்பச் செய்யுங்கள். முதல் சராசரி 128/80 ஆக இருந்து இரண்டாவது 130/81 என்று வந்தால் அதற்குப் பொருள் இல்லை, இரண்டு வாரங்களுக்கு இடையே இயல்பாகவே அவ்வளவு ஆடும். 137/86 என்று வந்தால் கவனிக்க வேண்டும். வீட்டு அளவீட்டில் 135/85-க்கு மேல் சராசரி வந்தால் அது உயர் அழுத்தம். அந்த நான்கு வாரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். புதிய உணவு முறையையும் புதிய பயிற்சித் திட்டத்தையும் கிரியேட்டினையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால், எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சராசரி ஏறியிருந்தால், கிரியேட்டினைக் குறை சொல்லும் முன் அதோடு கூட வந்தவற்றைப் பாருங்கள். கிரியேட்டினைத் தனியாக வாங்காமல், பயிற்சிக்கு முன் குடிக்கும் கலவையாக வாங்குபவர்கள் பலர். அதில் ஒரு வேளைக்கு 200 முதல் 300 மி.கி. காஃபின் இருப்பது சாதாரணம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த அளவு காஃபின் மேல் அளவைச் சுமார் 8-ம், கீழ் அளவைச் சுமார் 6-ம் உயர்த்தி, அந்த உயர்வு மூன்று மணி நேரமாவது நிற்கிறது என்று தெரிந்தது. சில கலவைகளில் சைனெஃப்ரின், யோகிம்பின் போன்ற தூண்டிகளும் இருக்கும். உங்களுக்கு இவை எதுவுமே வேண்டாம். வேறு எதுவும் கலக்காத கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டும் போதும். நீரில் நுரைத்துக் கரையும் மாத்திரை வடிவத்தையும் தவிருங்கள், அந்த நுரைக்காகச் சோடியம் சேர்க்கிறார்கள்.

தசைவலி மாத்திரைகள் இன்னும் மோசம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உப்பைத் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டன் செய்யும் வேலையையும் மழுங்கடிக்கும். அதோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும். டெல்மிசார்டனோடு நீர் மாத்திரையும் எடுப்பவருக்கு இந்த மூன்றும் சேர்வது மிகக் கெட்ட கூட்டு. எடைப்பயிற்சி தொடங்கி, உடல் வலிக்கிறது என்று வாரம் மூன்று நாள் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, கிரியேட்டினினும் பிரஷரும் ஏறும்போது பழியைக் கிரியேட்டின் மேல் போடுவது எளிது. பழி போக வேண்டிய இடம் அதுவல்ல.

மூச்சை அடக்கித் தூக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1985-இல் கனடாவில் உடற்பயிற்சி வீரர்களின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். இரு கால்களாலும் பாரத்தைத் தள்ளும் பயிற்சியில், முடியும் வரை தள்ளியபோது, சராசரியாக 320/250 வரை போனது. இது சில விநாடிகளில் இறங்கிவிடும். ஆனால் கிரியேட்டின் எடுப்பதன் நோக்கமே கடைசியில் இன்னும் ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தூக்க வைப்பதுதான். அந்தக் கடைசித் தூக்குகளில்தான் ஆள் மூச்சை அடக்குகிறார். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இன்னும் இரண்டு முறை தூக்கத் தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள். ஓய்வுநிலையில் 180/110-க்கு மேல் இருக்கும் நாளில் எடையைத் தொடவே வேண்டாம்.

அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்து, ஈ.ஜி.எஃப்.ஆர். 60-க்கு மேலும், சிறுநீரில் ஆல்புமின் இல்லாமலும் இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு நாளுக்கு 3 கிராமில் தொடங்குவதில் எனக்குத் தடை இல்லை. அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வராதவர், சிறுநீரக நோய் உள்ளவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், பிரஷருக்கான காரணத்தை மருத்துவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பவர் ஆகியோர் இப்போது தொடங்க வேண்டாம். முதல் மாதத்தில் ஒரு கிலோ வரை எடை கூடினால் அது எதிர்பார்த்ததே. சில நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடி, கணுக்கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அது கிரியேட்டின் தேக்கிய நீர் அல்ல, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து எடுப்பவர்களுக்கு வெறும் கணுக்கால் வீக்கம் அந்த மருந்தாலும் வரும். கிரியேட்டினை நிறுத்தி அது வடியாவிட்டால் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, கிரியேட்டின் தொடங்கிய தேதியையும் அளவையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.